சீட் மெமரி: பட்டன்ல வைக்கிறதா, சாவியோட கோக்கிறதா?

ஒரே காரை ரெண்டு பேர் ஓட்டுற வீட்டுல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். எங்க அண்ணன் ஆறடிக்குப் பக்கம், அண்ணி அஞ்சடி ஒண்ணு, ரெண்டு பேரும் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து மாத்தி மாத்தி ஏற்காடு ஓட்டிட்டுப் போவாங்க. அவங்க புது வண்டி பாக்குறப்போ, ஆளுக்கு ஏத்த சீட்டு, மிரர் அளவை வண்டியே ஞாபகம் வச்சுக்கிற ரெண்டு விதமான மெமரியையும் உக்காந்து பாத்தோம்.

முதல் வகை, கதவுல SET, 1, 2ன்னு பட்டன் இருக்கும். சீட்டு, சைடு மிரர் எல்லாம் சரி பண்ணிட்டு SET அமுக்கி சில செகண்டுக்குள்ள 1 அமுக்குனா பீப் சத்தம் வரும், வேலை முடிஞ்சுது. நீங்களா திரும்ப SET அமுக்குற வரைக்கும் அது மாறவே மாறாது, வாட்டர் வாஷ்ல யாராவது சீட்டைத் தள்ளி வச்சாலும் வந்து 1 அமுக்குனா பழையபடி வந்துரும். ஏசி மட்டும் பெரும்பாலும் இதுல சேராது, கடைசியா யாரு என்ன வச்சாங்களோ அதுதான்.

ரெண்டாவது வகை சாவியோட கோக்கிறது. உங்க சாவியால கதவைத் திறந்தாலே வண்டி ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு சீட்டு, மிரர், நிறைய வண்டியில ஏசி வரைக்கும் உங்க ப்ரொஃபைலுக்குக் கொண்டு வந்துரும். கோக்குறப்போ ஒரே ஒரு சாவிதான் பக்கத்துல இருக்கணும், இன்னொண்ணை வீட்டுக்குள்ள வச்சுட்டு வந்துருங்க, இல்லன்னா எந்தச் சாவி பதிஞ்சுதுன்னே தெரியாது. கோத்து முடிச்சதும் சும்மா நம்பிடாம லாக் பண்ணி, அடுத்த சாவியை மட்டும் எடுத்துட்டு வந்து திறந்து பாருங்க, சீட்டு நகரணும்.

கேக்க இதுதான் நல்லா இருக்கு, ஆனா சிக்கலும் இங்கதான். ரெண்டு சாவியும் ஒரே நேரத்துல கதவுகிட்ட இருந்தா, கைப்பிடியைத் தொட்டுத் திறக்குறப்போ எந்தச் சாவியை வண்டி எடுத்துக்கும்னு சொல்ல முடியாது. அண்ணன் பாக்கெட்ல ஒண்ணு, அண்ணி ஹேண்ட்பேக்ல ஒண்ணு, அண்ணன் ஓட்ட உக்காருறாரு, சீட்டு அண்ணி அளவுக்கு முன்னால வந்து முட்டி ஸ்டீயரிங்ல இடிக்குது. அப்போ பதறாம சீட்டோட எந்த ஸ்விட்சையாவது தட்டுங்க, பெரும்பாலும் நகர்றது நின்னுரும். ஓட்டப் போற ஆள் தன்னோட சாவியில இருக்குற ரிமோட் பட்டனை அமுக்கித் திறந்தா இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது பாதி வழியில ஆள் மாறுறது. சேலத்துல இருந்து மேல போக 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரம் வரைக்கும் அண்ணி, மலைக்கு அண்ணன்னு இவங்க வழக்கம். வண்டியை லாக் பண்ணாமலே இடம் மாறுறதால சாவிக்கு ஒண்ணும் தெரியாது, ப்ரொஃபைல் அண்ணியோடதாவே இருக்கும். மிரரை அண்ணி உயரத்துக்கே விட்டுட்டு வளைவு ஏறுனா இடது பக்கப் பின் வீல் ரோட்டோரத்துக்கு எவ்ளோ கிட்ட போகுதுன்னு சரியாத் தெரியாது, அதனால நிறுத்துன இடத்துலயே ஸ்க்ரீன்லயோ பட்டன்லயோ மாத்திட்டுத்தான் கிளம்பணும். நிறைய வண்டியில ஓடுறப்போ மெமரி வேலை செய்யாது.

எனக்குப் பெரிய விஷயமா பட்டது தானா சேவ் ஆகுறதுதான். சாவியோட கோத்த சில வண்டிங்க நீங்க கடைசியா வச்சதையே உங்க பேர்ல எழுதி வச்சுக்கும். ஏற்காட்டுல குளுருதுன்னு ஏசியை ஆஃப் பண்ணிட்டு லாக் பண்றீங்க, அதுவும் பதிஞ்சுரும், அப்புறம் மே மாச மத்தியானம் கீழ சேலம் அஸ்தம்பட்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணா ஏசி ஆஃப்லயே இருக்கும். இதுவாவது ஒரு பட்டன் வேலை. ஆக்டிங் டிரைவர்கிட்ட அண்ணன் சாவியைக் குடுத்தா, அவர் தன் வசதிக்கு வச்ச சீட்டும் மிரரும் அண்ணன் ப்ரொஃபைல் மேல உக்காந்துரும், பழசு போயிரும். கெஸ்ட் ப்ரொஃபைல் இருந்தா அதைப் போட்டுட்டுக் குடுக்கணும், யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? ஷோரூம்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "சீட்டை நகத்துனா தானா சேவ் ஆகுமா, இல்ல நான் சொன்னாத்தான் ஆகுமா?" சேல்ஸ் பையனுக்குத் தெரியலன்னா அங்கயே நகத்தி, லாக் பண்ணி, திறந்து பாருங்க.

சாவி பேட்டரி தீந்து உள்ள இருக்குற இரும்புச் சாவியால கதவைத் திறந்தாலும் சீட்டு அசையாது, அது கோளாறு இல்ல.

காலையில ஒருத்தர் சாயங்காலம் ஒருத்தர்னு தனித்தனியா ஓட்டுற வீடுன்னா சாவியோட கோக்கிறது சுகம், சாவிக்கு ஆளுக்கொரு கலர் கவர் போட்டுக்கோங்க. அண்ணன் வீடு மாதிரி ஒண்ணாப் போயி நடுவுல மாறுறவங்க, அடிக்கடி ஆக்டிங் டிரைவர் கூப்புடுறவங்களுக்கு நான் பட்டனைத்தான் சொல்வேன். ரெண்டும் இருக்குற வண்டி கிடைச்சா சாவியைக் கோத்துட்டு, SET-ல 1, 2 ரெண்டையும் தனியா பதிஞ்சும் வச்சுக்கோங்க. சாவி தப்பா எடுத்தாலும் ஒரு அமுக்குல சரியாயிரும், அண்ணி இப்போ அப்படித்தான் வச்சிருக்காங்க.