மொரிசியஸ் கடிகாரமும் சென்னை ரயில் டிக்கெட்டும்: ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?

எங்கள் தீவில் பயணிகள் ரயில் 1956-இலேயே நின்றுபோனது. இப்போது ஓடும் மெட்ரோவில் முன்பதிவும் இல்லை, ரத்தும் இல்லை. ஆகவே பழனிக்கோ மதுரைக்கோ போக இங்கிருந்தபடியே இந்திய ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் விதி தெரியாமல் அல்ல. எந்த ஊர் நேரப்படி அந்த விதி ஓடுகிறது என்பதை மறந்துவிடுவதால்தான்.

பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்தது, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று சொல்லும், 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி. அதன் மணி நேர எல்லைகள் 2026-இல் மாறிவிட்டன. பழைய விதி இப்படி இருந்தது. உறுதியான டிக்கெட்டை வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் ஆளுக்கு ஒரு நிலையான தொகை பிடிப்பார்கள்: ஸ்லீப்பருக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 180, இரண்டடுக்கு ஏசிக்கு 200. அதற்குப் பிறகு 12 மணி நேரம் வரை கட்டணத்தில் கால்பங்கு போனது. அதன்பின் 4 மணி நேரம் வரை பாதி போனது. அதற்கும் பிந்தினால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏசி வகுப்பில் பிடித்தத்தின் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. தட்காலில் உறுதியான டிக்கெட் என்றால் எப்போது ரத்து செய்தாலும் காசு கிடையாது.

2024 தைப்பூசத்துக்கு என் மைத்துனர் குடும்பம் நான்கு பேர், எழும்பூரில் இரவு 9.40-க்குக் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டடுக்கு ஏசி எடுத்திருந்தார்கள். கணக்குக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பயணம் நின்றது. "இரண்டு நாள் முன்னால் இரவு 9.40 வரைக்கும் நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் செய்கிறேன்" என்றார். ரத்து செய்தபோது அவர் கடிகாரத்தில் 8.50. ஆனால் இந்தியா எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே 10.20 ஆகிவிட்டிருந்தது. எங்கள் நேரப்படி எல்லை 8.10-தான். 840 ரூபாயோடு போகவேண்டிய பிடித்தம் 1,260 ஆனது. 420 ரூபாய் பெரிய இழப்பில்லை. ஆனால் 12 மணி நேர எல்லையை இதேபோல் தவறவிட்டிருந்தால் இழப்பு 1,260-லிருந்து 2,520-க்குத் தாவியிருக்கும். அந்த எல்லை இங்கே காலை 8.10-க்கு வந்தது, வீட்டில் எல்லோரும் வேலைக்கு ஓடும் நேரம்.

அந்த விதியில் பலரும் கவனிக்காத ஒன்று இருந்தது. கால்பங்கு என்பது அந்த நிலையான தொகைக்குக் கீழே இறங்கவில்லை. 320 ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டில் கால்பங்கு 80 ரூபாய்தான். ஆனாலும் 120 பிடித்தார்கள். ஐந்து நாள் முன்பு ரத்து செய்தாலும் 120, பதின்மூன்று மணி நேரம் முன்பு செய்தாலும் 120. ஸ்லீப்பரில் 480 ரூபாய்க்குக் குறைந்த எல்லா டிக்கெட்டுக்கும் இதுதான் நிலையாக இருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியாதபோது, 48 மணி நேர எல்லைக்குப் பயந்து அவற்றை அவசரமாக ரத்து செய்வதில் பயனிருக்கவில்லை. 12 மணி நேர எல்லையை மட்டும் தாண்டாமல் காத்திருந்தால் போதுமாக இருந்தது.

பெயர் மாற்றம் வேறு கதை. அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் செய்ய முடியாது. வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே, டிக்கெட்டின் அச்சுப்படியோடும் பயணிகளில் ஒருவரின் அசல் அடையாள அட்டையோடும் உறவுச் சான்றோடும் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மட்டும், ஒரே ஒருமுறை மாற்றலாம். மருமகளுக்கு இடமில்லை, மாமியார் டிக்கெட்டில் மருமகள் போகலாம் என்று நினைத்து வருபவர்கள் கவுண்டரிலேயே திரும்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி அதிகமாகி, அவர் இடத்தில் அக்காள் வந்தபோது நாங்கள் இதைச் செய்தோம். சிக்கல் ஆவணத்தில்தான். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் குடும்பப் பெயர். அக்காளின் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர். இரண்டையும் பார்த்தால் வேறு வேறு பெண்கள். கவுண்டரில் இருந்தவர் விரலால் இரண்டு பெயர்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திருமணச் சான்றிதழையும் எடுத்துப் போயிருந்ததால் காரியம் நடந்தது. இங்கிருந்து போகிறவர்கள் இந்த மூன்றாவது தாளை மறக்கவேண்டாம். விமானமும் ரயில் நாளுக்கு முந்தைய நாளாவது சென்னையில் இறங்கவேண்டும். இரவு வண்டிக்கு அன்று காலை வந்திறங்கினால் 24 மணி நேர எல்லை ஏற்கெனவே போயிருக்கும்.

திரும்பும் பணம் கட்டிய அட்டைக்கே வரும். இணையத்தில் எடுத்ததற்கான சேவைக் கட்டணம் வராது. ரூபாயில் போய் ரூபாயில் திரும்புவதால், போகும்போது ஒரு மாற்று விகிதமும் வரும்போது இன்னொன்றும் போட்டு வங்கியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரயில்வே காட்டும் தொகை முழுவதும் கணக்கில் ஏறும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.