டிக் சத்தம் கேட்கிறது, பொறி விழவில்லை: கண்ணாடி மேல்தட்டு எரிவாயு அடுப்பின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீவக வீட்டின் சமையலறை மேடையில் பதிக்கப்பட்ட இரட்டைப் பர்னர் அடுப்பைப் பல ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். குழாய்வழி வரும் நகர எரிவாயுவில் இயங்கும் இந்த அடுப்பின் சுடர், வெப்பம், துடைக்கும் வசதி ஆகியவற்றில் எனக்குக் குறையில்லை. அவ்வப்போது தொல்லை தந்த ஒரே பகுதி மின்னணுப் பற்றவைப்பான்தான். குமிழை அழுத்தித் திருப்பினால் மெலிந்த ‘டிக், டிக்’ ஒலி வரும். பர்னரில் பொறி விழாது. இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்ததால், அவற்றைப் பிரித்தறிந்த விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அடுப்பின் அடியில் உள்ள சிறு பெட்டி 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து மின்சாரத்தை எடுத்து, ஒரு மின்தேக்கியில் சேமித்து, பின்பு மின்மாற்றி வழியாகப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி, பர்னரின் ஓரத்தில் வெள்ளைப் பீங்கான் உறைக்குள் நிற்கும் மின்முனைக்கு அனுப்புகிறது. அந்த மின்முனையின் நுனியிலிருந்து பர்னரின் உலோகத்துக்குப் பொறி தாவும்போது எழும் ‘சடக்’ என்ற கூர்மையான ஒலியே ஆரோக்கியமான அடுப்பில் நாம் கேட்பது. பொறி தாவாதபோது, பெட்டிக்குள் மின்மாற்றி எழுப்பும் மந்தமான ஒலி மட்டுமே மிஞ்சும். ஆகவே காதைக் கொடுத்துக் கேட்பதே முதல் சோதனை. ஒலி மேலே பர்னரிலிருந்து வருகிறதா, கீழே அலமாரிக்குள்ளிருந்து வருகிறதா, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையே இடைவெளி நீண்டிருக்கிறதா என்ற மூன்றையும் கவனித்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

எங்கள் அடுப்பில் முதலில் வந்தது இடைவெளி நீண்ட ஒலி. வழக்கமாக நொடிக்குப் பலமுறை தட்டும் ஒலி, ஏறக்குறைய நொடிக்கு ஒன்றாகச் சோர்ந்துபோனது. பேட்டரி தளரும்போது மின்தேக்கி நிரம்பக் கூடுதல் நேரம் பிடிப்பதால் இப்படி நடக்கிறது. இன்னும் தளர்ந்தால் பொறி தாவும் அளவுக்கு மின்னழுத்தம் எழுவதே இல்லை. அடுப்புக்குக் கீழேயுள்ள அலமாரியைத் திறந்தால் பேட்டரிக் கூடு கையெட்டும் இடத்தில் இருக்கிறது. அதில் இருந்த தடித்த டி வகைப் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது 1.4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் பேட்டரி நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சுமையில்லாமல் அளக்கும் எண்ணை நம்ப முடியாது. பேட்டரியை மறுபடி கூட்டில் பொருத்தி, எரிவாயுக் குழாயின் வால்வை மூடி, வீட்டில் ஒருவரைக் குமிழை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பேட்டரியின் இரு முனைகளிலும் அளவியை வைத்தபோது, எண் 1 வோல்ட் அருகே சரிந்தது. புதிய அல்கலைன் பேட்டரியில் அதே சோதனையில் 1.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் புதிய பேட்டரியைப் போட்டுப் பார்ப்பதே போதும். தொலைக்காட்சியின் ரிமோட்டில் இருந்தோ கடிகாரத்தில் இருந்தோ எடுத்த சிறிய பேட்டரி இதற்குப் பயன்படாது.

பேட்டரியை மாற்றும்போது கூட்டின் முனைத் தகட்டையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில், அதுவும் பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய அலமாரிக்குள், அந்தத் தகடு எளிதில் பாசிபிடித்த நிறமாகிவிடுகிறது. எங்கள் கூட்டின் சுருள் தகட்டில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அது பேட்டரியிலிருந்து கசிந்த காரம். கையுறை அணிந்து, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பின்பு ஈரமில்லாத துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டுப் புதிய பேட்டரியைப் போட்டேன். ஒலியின் வேகம் உடனே திரும்பியது. வலது பர்னர் முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது.

இடது பர்னரில் மட்டும் வேகமான தட்டல் இருந்தும் பொறி விழவில்லை. இந்த அடுப்பில் எந்தக் குமிழைத் திருப்பினாலும் இரண்டு மின்முனைகளும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. வலப்பக்கம் பொறி விழுந்ததால் பேட்டரியும் பெட்டியும் நன்றாக உள்ளன என்பது உறுதி. பழுது இடது மின்முனைக்கு அருகில்தான் இருக்க வேண்டும்.

மின்முனையின் நுனிக்கும் பர்னர் உலோகத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே இடைவெளி 7 மில்லிமீட்டராக விரிந்தால் அந்தச் சிறு பெட்டியால் தாவவைக்க முடிவதில்லை. நான் கையாண்ட அளவுகோல் எளிது. வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர்; ஐந்து அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேட்டரியைக் கழற்றி, வால்வை மூடி, ஆறிய பர்னரில் அந்த அட்டைக் கட்டின் ஓரத்தை நுனியருகே பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் இடைவெளி ஏறக்குறைய அட்டைக் கட்டின் தடிமன்தான். இடது பக்கம் கட்டுக்கு மேலும் தாராளமாக இடம் மிஞ்சியது.

மின்முனை வளையவில்லை. பர்னரின் தலைப்பகுதியைத் தூக்கிப் பார்த்தபோது, பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சி இருக்கையின் ஒரு பக்கத்தில் கல்லாகக் காய்ந்து, அந்தப் பக்கத்தை மட்டும் உயர்த்தியிருந்தது. அத்தோடு, தாளிக்கும்போது வெடித்துச் சிதறிய கடுகு இரண்டு மூன்று மின்முனையின் அடியில் கருகி ஒட்டியிருந்தன. வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைச் சுரண்டி, கடுகை மரக்குச்சியால் அகற்றி, தலையை அதன் காடிக்குள் சரியாக அமர்த்தியதும் இடைவெளி பழைய அளவுக்கு வந்தது. மின்முனையையே வளைக்க வேண்டிய நிலை வந்தால், பீங்கானுக்கு அழுத்தம் போகாதபடி அதற்கு மேலுள்ள கம்பியை ஒரு குறடால் இறுகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மெல்ல நகர்த்த வேண்டும். பீங்கானில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் பொறி அந்த வழியே அடித்தட்டுக்கு இறங்கிவிடும். அதன்பின் மின்முனையை மாற்றுவது தவிர வழியில்லை.

இதற்குப் பிறகு சில மாதங்கள் எல்லாம் சீராக இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மூன்றாவது காரணம் தலைகாட்டியது. மதியமும் மாலையும் நன்றாகப் பற்றும் அதே இடது பர்னர், இரவெல்லாம் மழை பெய்த விடியற்காலையில் மட்டும் மக்கர் செய்தது. தட்டலின் வேகம் குறையவில்லை. ஆனால் ஒலி மேலிருந்து வராமல் கண்ணாடிக்கு அடியிலிருந்து வந்தது. பேட்டரிப் பழுதும் இடைவெளிப் பழுதும் மணி பார்த்து வருவதில்லை. நேரத்தையும் வானிலையையும் ஒட்டி வந்து போகும் பழுது பெரும்பாலும் ஈரத்தால் வருவது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். உப்பும் எண்ணெயும் கலந்த அழுக்கு பீங்கானிலும் கம்பியின் உறையிலும் படிந்திருந்தால், அந்த ஈரத்தை உறிஞ்சி அதுவே மின்சாரம் ஓடும் படலமாகிவிடுகிறது. பொறிக்கு எளிய வழி கிடைத்த பிறகு அது காற்றைத் தாண்டிப் பர்னருக்குப் போகத் தேவையில்லை.

இதைக் கண்ணால் பார்க்க இருட்டு போதும். எரிவாயு வால்வை மூடி, ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து வைத்து, எரிவாயு வாடை இல்லை என்று உறுதிசெய்த பிறகு விளக்கை அணைத்தேன். அலமாரிக் கதவைத் திறந்து அடுப்பின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பச் சொன்னேன். இடது மின்முனைக்குப் போகும் கம்பி, உலோகத் தட்டின் விளிம்பில் உரசி வளையும் இடத்தில், ஒவ்வொரு தட்டலுக்கும் நீல நிற இழை ஒன்று மின்னி மறைந்தது. சோதனையின்போது அந்தக் கம்பிகளைக் கையால் தொடவே கூடாது; மின்னோட்டம் சிறிதானாலும் உதறல் பலமாக இருக்கும், உதறும் கை தட்டின் கூர்மையான விளிம்பில் கிழியும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து அந்த இடத்தைச் சில நிமிடம் உலர்த்தியதும் பொறி பர்னருக்குத் திரும்பியது. ஆனால் அடுத்த மழைக்குப் பழுதும் திரும்பியது. உறை உரசித் தேய்ந்த இடத்தில் உலர்த்துவது தற்காலிகத் தீர்வுதான். சாதாரண மின்நாடாவைச் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது, பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்காது. அடுப்பின் சூட்டில் பசை இளகி அழுக்கையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

சிங்கப்பூரில் எரிவாயுக் குழாய் சார்ந்த வேலைகளை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுச் சேவை ஊழியரே செய்ய வேண்டும். மேல்தட்டைத் தூக்கினால் குழாயிணைப்பு அசையலாம் என்பதால், கம்பியை மாற்ற அத்தகைய ஒருவரை அழைத்தேன். வந்தவர் தமிழர். “அக்கா, மேல தண்ணி ஊத்திக் கழுவுறீங்களா? வயர் மேல கோடு கோடா உப்பு காய்ஞ்சிருக்கு பாருங்க” என்று கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். மின்முனை வெளிவரும் துளையின் வழியே இறங்கிய நீர், கம்பியின் நீளத்துக்கு வெண்கோடுகளை விட்டிருந்தது. சிலிகோன் உறையிட்ட உயரழுத்தக் கம்பியைப் பொருத்தி, அது எந்த உலோக விளிம்பையும் தொடாதபடி விலக்கிக் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து பிழிந்த துணியால் மட்டுமே மேல்தட்டைத் துடைக்கிறோம்.

நகர எரிவாயு பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் ஹைட்ரஜன் மிகுதி. ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள மிகச் சிறிய பொறியே போதும். அதனால் பொறி மெலிந்து வருவது வெகுநாள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். அடுப்பு பற்றுகிறதே என்று விட்டுவிடாமல், ஒலி மந்தமாகும்போதே பேட்டரியைப் பார்ப்பது நல்லது. பற்றாத பர்னரில் குமிழைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கவும் கூடாது. சில நொடிகளில் விட்டுவிட்டு, வாயு கலையும்வரை காத்திருக்க வேண்டும்.

புதிய பேட்டரி போட்ட பின்னும் எந்தக் குமிழைத் திருப்பினாலும் ஒலியே எழவில்லை என்றால், பேட்டரிக் கூட்டின் இணைப்பையோ பற்றவைக்கும் பெட்டியையோ பார்க்க வேண்டும். ஒரு குமிழில் மட்டும் ஒலி இல்லையென்றால் அதன் தண்டிலுள்ள சிறு சுவிட்சில் கோளாறு. பொறி விழுந்து சுடரும் பற்றி, குமிழை விட்டதும் அணைந்துபோனால், பற்றவைப்பானைத் தொட வேண்டியதே இல்லை. சுடரை உணரும் தெர்மோகப்புள் அழுக்கேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.