ஸ்லாக்கில் நான்கு ஆண்டுகள்: ‘இந்த மின்னஞ்சல் இங்கே இல்லை’ என்று வரும்போது

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் இயங்கும் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஏழு பேர் இருக்கிறோம். எங்களுக்கு வேலை தருபவர்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக இரு தரப்பினரும் ஸ்லாக் என்ற அலுவலக உரையாடல் செயலியில்தான் பேசிக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் அதிகம் பேரைத் தடுமாற வைத்தது, சரியான மின்னஞ்சலைக் கொடுத்த பிறகும் அப்படி ஒரு கணக்கு இல்லை என்று திரையில் வரும் செய்தி.

கடந்த ஜூலையில் ஒரு காலை, புதிதாகச் சேர்ந்திருந்த தங்கை ஒருவர் புது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அண்ணா, மூண்டு தரம் அடிச்சுப் பாத்திட்டன், என்ர ஈமெயில் இல்லையெண்டு சொல்லுது” என்றார். முதல் நாள் வரை அதே மின்னஞ்சலில் கைபேசி வழியாகக் கனடாக்காரர்களுடன் பேசிக்கொண்டிருந்தவர் என்பதால், தன்னை நீக்கிவிட்டார்களோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. கனடாவில் இருக்கும் நிர்வாகியிடம் கேட்கலாம் என்றால், எங்களுக்குக் காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை.

அவருடைய திரையில் மின்னஞ்சல் பெட்டியை விட்டு, மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தேன். கனடாவில் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த செய்தி இணைப்பை அழுத்தித்தான் அவர் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தார். பெயர்களை மாற்றித் தருகிறேன்:

```
வந்த இணைப்பு:  client-team.slack.com
அவருடைய இடம்:  jaffna-team.slack.com
```

ஸ்லாக்கில் கணக்கு என்பது மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நிறுவனம் ஸ்லாக்கில் தனக்கென, தனி முகவரியோடு வைத்திருக்கும் இடத்தைப் பணியிடம் என்பார்கள். ஒவ்வொரு பணியிடத்திலும் அந்த மின்னஞ்சலுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. எங்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் இடையில் இருப்பது இரு பணியிடங்களுக்குப் பொதுவாகத் திறக்கப்பட்ட ஒரு சேனல், அதாவது ‘ஸ்லாக் கனெக்ட்’. அதில் நாங்கள் எங்கள் பணியிடத்தில் இருந்தபடியே பேசுகிறோம். அவர்களுடைய பணியிடத்தில் எங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே அந்தத் தங்கைக்கு வந்த செய்தி முழு உண்மை. அந்த முகவரியில் அவர் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. கைபேசியில் ஏற்கெனவே உள்நுழைந்திருந்ததால், இந்த வேறுபாட்டைக் கவனிக்க அவருக்கு அதுவரை அவசியம் வரவில்லை.

தன் முகவரி எது என்று அறிய, ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணினி ஒன்று போதும்: இடப்பக்க மேல் மூலையில் பணியிடத்தின் பெயரை அழுத்தினால் slack.com என்று முடியும் முகவரி தெரியும். பக்கத்து மேசையில் அப்படிப் பார்த்து, அந்த முகவரியில் உள்நுழைந்தார். பொதுச் சேனல் பழைய செய்திகளோடு அப்படியே இருந்தது. அத்தகைய கணினி இல்லாதபோது, உள்நுழையும் பக்கத்தில் பணியிடங்களைத் தேடித் தரும் வழியைத் தெரிவுசெய்து மின்னஞ்சலைக் கொடுத்தால், ஒரு குறியீடு அஞ்சலில் வரும். அதை இட்டதும் அந்த மின்னஞ்சல் சேர்ந்திருக்கும் பணியிடங்கள் பட்டியலாகும். எதிர்பார்த்த பணியிடம் அங்கே இல்லாவிட்டால், அழைப்பு வேறொரு மின்னஞ்சலுக்குப் போயிருக்கலாம், அல்லது கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். அப்போதுதான் நிர்வாகியைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியதும் தன் பணியிடத்தின் நிர்வாகியை, எதிர்த்தரப்பினரை அன்று.

பட்டியலில் தன் இடத்தைக் காணாதவர்கள் பதற்றத்தில் புதிய பணியிடம் தொடங்கும் பொத்தானை அழுத்திவிடுவதை இருமுறை கண்டிருக்கிறேன். உள்ளே போய்விட்டோம் என்று நினைத்து, ஆளில்லாத ஒரு புதுப் பணியிடத்தில் இருந்துகொண்டு, பதில் வரவில்லையே என்று காத்திருந்தார்கள். உள்ளே போனதும் உறுப்பினர் பட்டியலில் தன் பெயர் மட்டும் இருந்தால், அது இதுதான்.

இன்னொரு தவறை நாங்களே செய்தோம். முன்பு ஒருவருக்கு இதே சிக்கல் வந்தபோது, காரணம் ஆராயாமல் அவரைக் கனடாப் பணியிடத்தில் விருந்தினராகச் சேர்க்கச் சொன்னோம். செய்தி மறைந்தது, ஆனால் அவர் ஒரே மின்னஞ்சலில் இரண்டு ஆட்களாகிவிட்டார். சிலர் ஒரு கணக்குக்கும் சிலர் மற்றதற்கும் தனிச்செய்தி அனுப்ப, ஒரு திருத்தக் கோரிக்கை இரண்டு நாட்கள் யாரும் பார்க்காமல் கிடந்தது. விருந்தினர் கணக்கை முடக்கச் சொன்ன பிறகே அது சீரானது.

இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே எங்கள் பணியிட முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வந்த இணைப்பை அழுத்துமுன் இந்த முகவரியில் உள்நுழையச் சொல்கிறேன். கனடாக்காரர்களிடமும், மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பினால் சேனலின் பெயரையும் நாளையும் சேர்த்து எழுதக் கேட்டிருக்கிறோம்; இணைப்பு திறக்காவிட்டாலும், அந்தச் செய்தியை எங்கள் பக்கத்தில் இருந்தே தேடி எடுக்க முடிகிறது.