நகைச் சீட்டு போனஸ்: ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம்?

"பதினொரு மாசம் நீங்க கட்டுங்க, பன்னிரண்டாவது மாசம் நாங்க கட்டுறோம்." தமிழ்நாட்டில் நகைக்கடைக்குள் போய் வந்த எவருக்கும் இந்த வாசகம் தெரியும். அது எவ்வளவு லாபம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். 55,000 கட்டி 5,000 கூடுதலாகக் கிடைக்கிறது, ஆகவே 9 சதவீதம் என்பார் ஒருவர். 18 சதவீதத்துக்கும் மேல் என்பார் இன்னொருவர். கடையில் இருப்பவர் "ஒரு தவணை முழுசா லாபம் சார்" என்று முடித்துவிடுவார். வங்கி ஆர்.டி.யோடு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இதை ஆண்டு வட்டியாக மாற்றியாக வேண்டும்.

மாதம் 5,000 ரூபாய், பதினொரு தவணை, கடைசித் தவணை கட்டி ஒரு மாதம் கழித்து 60,000 ரூபாய்க்கு நகை. இந்தக் கணக்கையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

9 சதவீதம் என்பது ஏன் தவறு? 55,000 ரூபாயும் ஓராண்டு முழுக்கக் கடையில் இருக்கவில்லை. முதல் தவணை 11 மாதம் இருந்தது, இரண்டாவது 10 மாதம், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். 11, 10, 9 என்று 1 வரை கூட்டினால் 66. அதாவது 5,000 ரூபாயை 66 மாதம் கடைக்குக் கொடுத்து வைத்ததற்குச் சமம். 5,000 × 66 = 3,30,000. இதை ஒரு மாதத்துக்கு 3,30,000 ரூபாய் கொடுத்ததாகவும் பார்க்கலாம். அதற்குக் கிடைத்த கூலி 5,000. மாதத்துக்கு 1.515 சதவீதம், ஆண்டுக்கு 18.2 சதவீதம். காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

கூட்டு வட்டியோடு துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இதைத் தட்டுங்கள்:

```
=(1+RATE(11,-5000,0,60000,1))^12-1
```

விடை 18.8 சதவீதம் வரும். கடைசியில் உள்ள 1, தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுகிறோம் என்பதைக் குறிக்கிறது.

இந்த 66 என்ற எண்ணைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அது நாளைப் பொறுத்து மாறும். பல திட்டங்களில் கடைசித் தவணை கட்டிய மறுமாதமே நகை எடுக்க முடியாது, முதல் தவணையிலிருந்து முழுதாக 12 மாதம் ஆக வேண்டும். அப்படியானால் பதினொரு தவணைகளும் ஆளுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருக்கின்றன. 66 என்பது 77 ஆகிறது, 18.2 சதவீதம் 15.6 ஆக இறங்குகிறது. போனஸ் முழுத் தவணையாக இல்லாமல் அரைத் தவணையாக இருந்தால் 66 மாதக் கணக்கிலேயே 9.1 சதவீதம்தான். இடையில் ஒரு தவணை தவறினால் போனஸைக் குறைக்கும் கடைகளும் உண்டு, அறவே இல்லை என்னும் கடைகளும் உண்டு. பாஸ்புக்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது இதுதான்.

சரி, 18 சதவீதம் கிடைக்கிறது என்றால் வங்கி ஆர்.டி.யைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாமே? பார்க்க வேண்டும். போனஸ் உங்கள் கைக்குப் பணமாக வருவதில்லை. அந்தக் கடை போடும் பில்லில், அந்தக் கடை சொல்லும் விலையில்தான் கழிகிறது. ஆகவே அந்த விலை வெளியில் என்ன என்று தெரியாமல் போனஸின் மதிப்பைச் சொல்ல முடியாது.

தங்கத்தின் கிராம் விலை ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஜிஎஸ்டி 3 சதவீதமும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். மாறுவது சேதாரமும் செய்கூலியும். இரண்டையும் சேர்த்து இனிச் சேதாரம் என்றே சொல்கிறேன். சீட்டுப் போட்ட கடையில் ஒரு சங்கிலிக்கு 14 சதவீதம் சேதாரம் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைப்பாடு உள்ள சங்கிலியை, கையில் பணத்தோடு போய்ப் பேரம் பேசினால், வேறொரு நல்ல கடையில் 8 சதவீதத்துக்குத் தருகிறார்கள். இரண்டும் ஹால்மார்க் 22 காரட்தான். ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒரே விகிதம் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம்.

சீட்டுக்காரர் 60,000 ரூபாய்க்கு எடுக்கிறார். 1.14 ஆல் வகுத்தால் அதில் தங்கத்தின் மதிப்பு 52,632. ஆர்.டி. போட்டவர் அதே 5,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் போட்டிருந்தால் கையில் சுமார் 56,790 இருக்கும். அதை 1.08 ஆல் வகுத்தால் 52,583. இருவருக்கும் ஐம்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. சேதாரத்தில் இருந்த ஆறு புள்ளி வித்தியாசம் 18 சதவீத லாபத்தைத் தின்று வங்கி வட்டிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆர்.டி. வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதால் வரி கட்டுகிறவருக்குச் சீட்டு கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான்.

எனவே பில்லில் கழிகிற 5,000 ரூபாயை விட்டுவிட்டு மெய்யான போனஸைக் கண்டுபிடிக்க வேண்டும். 60,000 ரூபாய்க்கு இங்கே வாங்கும் நகை, வெளியே பேரம் பேசி வாங்கினால் என்ன விலை? மேலே சொன்ன சங்கிலிக்கு 60,000 × 1.08 ÷ 1.14 = 56,842. நாம் கட்டியது 55,000. மெய்யான போனஸ் 1,842 ரூபாய், ஆண்டுக்கு 6.7 சதவீதம். கடையின் சேதாரம் 12, வெளியே 10 என்றால் மெய்யான போனஸ் 3,929, ஆண்டுக்கு 14.3 சதவீதம். அது நல்ல வருமானம், சந்தேகமே இல்லை. கடையின் விலை வெளியை விட 9 சதவீதம் அதிகமாக இருந்தால் வருமானம் பூஜ்யம்.

சீட்டு முடிந்து நகை எடுக்கப் போகும் நாளில் பேரம் பேசும் பலம் உங்களிடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. "சீட்டுக்கு வேற ஆஃபர் சேராதும்மா" என்று சொல்லிவிட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போக வழியில்லை.

இப்போது மூன்றாவது ஆளைப் பார்ப்போம், எடைச் சீட்டுக்காரர். சில கடைகளில் போனஸ் கிடையாது. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய 22 காரட் விலையில் கிராம் கணக்கு வரவு வைப்பார்கள். முடிவில் அந்த எடை அளவுக்கு, ஒரு வரம்பு வரை, சேதாரம் இல்லாமல் நகை எடுத்துக்கொள்ளலாம். சேதாரத்தில் 18 சதவீதம் வரை தள்ளுபடி, அதுதான் வரம்பு என்று எடுத்துக்கொள்வோம்.

தங்கம் விலை மாறவே இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டால் 55,000 ரூபாய்க்கான தங்கம் சேர்ந்திருக்கிறது. அதே சங்கிலியாக அதை எடுத்தால், வெளியே 8 சதவீதம் சேதாரம் கொடுத்திருப்பீர்கள், அதாவது 4,400 ரூபாய். அதுதான் இங்கே மெய்யான போனஸ். 3,30,000 ஆல் வகுத்து 12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 16 சதவீதம். ஒரே சங்கிலிக்கு, அதே 14 சதவீதம் சேதாரம் போடும் கடையில், போனஸ் சீட்டு 6.7 தருகிறது, எடைச் சீட்டு 16 தருகிறது. காரணம், கடை சேதாரத்தை எவ்வளவு ஏற்றி எழுதினாலும், வரம்புக்குள் இருக்கும்வரை, அது உங்கள் தலையில் விழாது. என் பார்வையில் எடைச் சீட்டின் பெரிய பலம் இதுதான், விளம்பரங்களில் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

வரம்பைத் தாண்டினால் கதை மாறும். 22 சதவீதம் சேதாரம் எழுதிய ஆன்டிக் நெக்லஸைத் தேர்ந்தெடுத்தால் மிச்சம் 4 சதவீதம், 2,200 ரூபாய், நீங்கள் கட்ட வேண்டும். வெளியே அதே நெக்லஸ் என்ன சேதாரத்துக்குக் கிடைக்கும் என்று கேட்டு, அதிலிருந்து இந்த 4 சதவீதத்தைக் கழித்தால்தான் மெய்யான போனஸ் வரும். கல்லின் விலை தனி. தங்கக் காசுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். சேதாரம் குறைவான சாதாரண வளையல்தான் வேண்டும், வெளியே 4 சதவீதத்துக்குக் கிடைக்கும் என்றால் மெய்யான போனஸ் 2,200 மட்டுமே, ஆண்டுக்கு 8 சதவீதம். அங்கே நேர்மையான சேதாரம் போடும் கடையின் போனஸ் சீட்டு முந்திவிடும்.

இன்னொரு வித்தியாசம் விலை ஏற்றம். போனஸ் சீட்டிலும் ஆர்.டி.யிலும் உங்கள் பணம் ரூபாயாகவே கிடக்கிறது, எடைச் சீட்டில் மாதாமாதம் தங்கமாகிவிடுகிறது. முதல் தவணையன்று கிராம் 10,000 ரூபாய், பிறகு மாதம் 100 ரூபாய் ஏறி, நகை எடுக்கும் நாளில் 11,100 என்று கொள்வோம். எடைச் சீட்டில் சேர்ந்திருப்பது 5.24 கிராம், அன்றைய மதிப்பு சுமார் 58,200. போனஸ் சீட்டுக்காரர் 60,000 ரூபாய்க்கு 14 சதவீதச் சேதாரத்தில் எடுத்தால் 4.74 கிராம். அரைக் கிராம் வித்தியாசம். விலை இறங்கினால் இதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த ஏற்ற இறக்கத்தைத் திட்டத்தின் வருமானத்தோடு சேர்க்காதீர்கள். அது தங்கத்தின் வருமானம், மாதாமாதம் கோல்டு ஈ.டி.எஃப். வாங்கியிருந்தாலும் செலவு போக ஏறக்குறைய அதுவே வந்திருக்கும். கடை தருவது சேதாரத் தள்ளுபடி மட்டும்தான்.

பதினொரு மாதத்தில் ஏன் நிறுத்துகிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். 2014இல் வந்த கம்பெனி வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளோடு சரிக்கட்டினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படாது. நமக்கு இதன் பொருள், நாம் கட்டியது வங்கி டெபாசிட் அல்ல, வெறும் முன்பணம். வங்கியில் 5 லட்சம் வரை உள்ள காப்பீடு இதற்கு இல்லை. 2023 இறுதியில் திருச்சியைச் சேர்ந்த ஒரு நகைக்கடை பல ஊர்க் கிளைகளையும் மூடியபோது, பணம் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்கில் 16 சதவீதம் வந்தாலும், 6.5 சதவீத ஆர்.டி.யை விடக் கூடுதலாகக் கிடைப்பதில் ஒரு பகுதி இந்த ஆபத்துக்கான கூலி.

ஆகவே சேருவதற்கு முன்பே, வாங்க நினைக்கும் நகையை முடிவுசெய்துகொண்டு, அதே எடை, அதே வேலைப்பாட்டுக்குச் சீட்டுக் கடையிலும் வேறு இரண்டு கடையிலும் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். சேதாரம், செய்கூலி, கல் விலை, ஜிஎஸ்டி நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். போனஸ் சீட்டின் மெய்யான போனஸ் 1,800 ரூபாய்க்குக் கீழே வந்தால் ஆர்.டி. போட்டுவிட்டுக் கையில் பணத்தோடு விரும்பிய கடைக்குப் போகலாம். 3,500க்கு மேல் வந்தால், கடை நெடுநாளாக அந்த ஊரில் நடப்பதாகவும் இருந்தால், நான் சீட்டில் சேருவேன், ஒரே கடையில் இரண்டு மூன்று சீட்டு மட்டும் போட மாட்டேன்.