மலை அல்ட்ராவில் ட்ரெக்கிங் கம்பு: எப்போது கையில், எப்போது பையில்

மலைப் பாதையில் மிக நீண்ட தூரம் ஓடும் அல்ட்ரா ஓட்டங்களுக்கு நான் பயன்படுத்துவது மூன்றாக மடிகிற அலுமினியக் கம்பு, 115 செ.மீ. நீளம். என் உயரம் 168 செ.மீ. நிமிர்ந்து நின்று கம்பைத் தரையில் ஊன்றினால் முழங்கை நேர்கோணத்தில் மடிய வேண்டும். நீளத்துக்கு அதுதான் கணக்கு. வத்தல்மலை, தீர்த்தமலைப் படிகள், கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறை என்று நம் பக்கத்து மலைகளில் பல வருடமாக இதை வைத்துப் பயிற்சி செய்கிறேன். கார்பன் வாங்கலாமா, அலுமினியம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கம்பை எப்போது எடுப்பது, எப்போது மடக்கி வைப்பது என்பதுதான்.

முதலில் பிடிக்கும் முறை. கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பட்டையையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது பாரம் பட்டை வழியாக மணிக்கட்டுக்கு வரும், விரல்கள் தளர்வாகவே இருக்கலாம். பிடியை இறுக்கிப் பிடித்தால் சில மணி நேரத்தில் முன்கை கடுக்க ஆரம்பித்துவிடும்.

கம்பின் முனை பாதத்துக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ விழ வேண்டும். நிறைய பேர் எட்டி முன்னால் ஊன்றுகிறார்கள். அப்படி ஊன்றினால் கம்பு பிரேக் மாதிரி வேலை செய்யும், உடம்பைக் கையால் இழுத்துப் போக வேண்டியிருக்கும். பக்கத்தில் ஊன்றி, கை இடுப்பைத் தாண்டும் வரை பின்னால் தள்ள வேண்டும். மிதமான ஏற்றத்தில் வலது காலுக்கு இடது கம்பு, இடது காலுக்கு வலது கம்பு. செங்குத்தாக ஏறினால் இரண்டையும் ஒன்றாக ஊன்றி, அந்தத் தள்ளலில் இரண்டு அடி எடுத்து வைக்கலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து என்னோடு பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, கம்பு வச்சா லேசா இருக்கும்னாங்க, எனக்கு மூச்சு முன்னைவிட அதிகமா வாங்குதே?” அவன் சொன்னது சரிதான். கையும் தோளும் வேலை செய்தால் அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். சரிவு குறைவான இடத்தில் அதே வேகத்தில் போனாலும் இதயத் துடிப்பு சற்றுக் கூடும். ஏற்றம் செங்குத்தாக ஆக ஆக அந்த வித்தியாசம் குறைந்து, காலிலிருந்து இறங்கும் பாரம்தான் லாபமாக மிஞ்சும். “வேகத்தைக் கூட்டாத தம்பி, கால் பாரத்தை மட்டும் கைக்கு மாத்து” என்றேன்.

அந்த லாபம் எவ்வளவு? இத்தாலிய ஆய்வாளர்கள் ஆல்ப்ஸ் பாதை ஒன்றில், 1.3 கிலோமீட்டரில் 433 மீட்டர் உயரம் ஏறும் இடத்தில், இதை அளந்தார்கள். முழு மூச்சோடு ஏறியபோது சுமார் 19 நிமிட ஏற்றத்தில் கம்பு வைத்தவர்களுக்கு ஏறத்தாழ 2.5 சதவீத நேரம் மிச்சமானது. அதாவது அவ்வளவு செங்குத்தான இடத்திலேயே அரை நிமிடத்துக்கும் குறைவு.

இதை வைத்து ஒரு கணக்கு போடுவோம். நின்று கம்பை எடுத்து விரிக்க 20 விநாடி, மடக்கிச் செருக 20 விநாடி, ஆக 40 விநாடி. 2.5 சதவீத லாபத்தில் இதை ஈடுகட்ட ஏற்றம் சுமார் 27 நிமிடமாவது நீள வேண்டும். நடந்துகொண்டே எடுத்து, நடந்துகொண்டே செருகப் பழகினால் இழப்பு மொத்தம் 20 விநாடிதான், அப்போது 13 நிமிட ஏற்றமே போதும். அடுத்து, மேடும் பள்ளமுமாக மாறி மாறி வரும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு நிமிடமாக 15 மேடுகள், மொத்தம் 30 நிமிட ஏற்றம். கம்பால் கிடைப்பது அதிகபட்சம் 45 விநாடி. ஒவ்வொரு மேட்டுக்கும் நின்று எடுத்து வைத்தால் போவது 10 நிமிடம். கம்பு ஆளைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

வத்தல்மலையிலேயே இதைப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள தார்ச்சாலையில் சரிவு ஒரே சீராக இருப்பதால் மெதுவாக ஓடியே ஏறிவிட முடிகிறது. அங்கே கம்பு பிடித்தால் ஓட்டம் நடையாகிவிடுகிறது, தார் மேல் முனை தட்டுகிற அதிர்வும் மணிக்கட்டுக்கு வருகிறது. மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையில் எப்படியும் நடந்துதான் ஏற வேண்டும். இதயத் துடிப்பை ஒரே அளவில் வைத்து ஏறிப் பார்த்தால், கம்போடு ஏறும் நாளில் ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்கிறேன். நேரத்தைவிடப் பெரிய வித்தியாசம் உச்சியில் தெரியும்: தொடையும் கெண்டைக்காலும் உடனே ஓடத் தயாராக இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் நம்புவது அதைத்தான். அதனால் கால் சோர்ந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருப்பதில்லை, முதல் பெரிய ஏற்றத்திலேயே எடுத்துவிடுகிறேன்.

பலர் கவனிக்காத இன்னொரு இழப்பு சாப்பாடு. இரண்டு கையிலும் கம்பு இருந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் தண்ணீரும் தின்பண்டமும் அப்படியே பையில் கிடக்கும், பிறகு தட்டையான பாதையில் கால் நகராது. நான் கைக்கடிகாரத்தில் 25 நிமிடத்துக்கு ஓர் அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் இரண்டு கம்பையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு சாப்பிடுவேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்பே, நடந்துகொண்டே மடக்கிச் செருகிவிடுவேன்.

இறக்கத்தில் ஓட முடிந்தால் கம்பு பைக்குள் போய்விட வேண்டும். ஓடும்போது முனையை எங்கே வைப்பது என்று கண் தேடினால் கால் வைக்கும் இடம் தவறும். கால் களைத்து, நடந்துதான் இறங்க முடியும் என்ற நிலையில் மட்டும் எடுக்கலாம். செங்குத்தாக நடந்து இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் 12 முதல் 25 சதவீதம் வரை குறையும் என்று 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்போது கைப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பாறை இடுக்கில் முனை சிக்கி உடம்பு முன்னால் போனால் கம்பு கையை விட்டுப் போய்விட வேண்டும். பட்டை மாட்டியிருந்தால் மணிக்கட்டோ தோளோ இழுபடும். கார்பன் கம்பு ஒடிவதும் பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு இழுப்பில்தான். அலுமினியம் முதலில் வளையும், நிமிர்த்தி ஓட்டத்தை முடித்துவிடலாம். கல் நிறைந்த நம் மலைகளுக்கு, எடை கொஞ்சம் கூடினாலும் அலுமினியத்தை நான் விடாததற்குக் காரணம் அதுதான்.

கிருஷ்ணகிரிக் கோட்டை போன்ற வழவழப்பான கருங்கல் பாறையில் உலோக முனை கிறீச்சென்று வழுக்கும். ரப்பர் மூடி போட்டால் காய்ந்த பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஈரத்தில் அதையும் நம்ப முடியாது. அந்த மாதிரி இடத்தில் கம்பை வைத்துவிட்டுக் கையால் பாறையைப் பிடிப்பதே பத்திரம்.

பராமரிப்பு அதிகமில்லை. செம்மண் தூசி பூட்டுப் பொத்தானில் சேர்ந்து அதைச் சிக்க வைக்கும். எண்ணெய் போட்டால் தூசி இன்னும் ஒட்டும், அதனால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மழையில் ஓடிய பிறகு மடக்கி மூடி வைக்காமல், கழற்றிக் காயவிட வேண்டும். உள்ளே ஓடும் கயிறு நாளாக நாளாகத் தளரும். விரித்துப் பூட்டிய பிறகும் இணைப்பில் ஆட்டம் தெரிந்தால் முதலில் கயிற்றை இறுக்கிப் பாருங்கள். அப்படியும் ஆடினால் போட்டிக்கு முன்பே கயிற்றை மாற்றிவிடுங்கள். ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யூடிஎம்பி போன்ற போட்டிகளில் தொடக்கத்தில் எடுத்த கம்பைக் கடைசி வரை நீங்களேதான் சுமக்க வேண்டும், நடுவில் யாரிடமும் கொடுக்க முடியாது.