ஐடிசியில் யார் சரி, யெஸ் வங்கியில் யார் சரி?

சுந்தர் ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கக் குறிப்புகள் வரை படிக்கிறவன். பாலாவுக்கு கம்பெனி என்ன தயாரிக்கிறது என்பது கூட அவசியமில்லை, பங்கின் விலையும், எத்தனை பங்கு கைமாறியது என்ற வால்யூமும் போதும். பங்கு வாங்கக் கணக்கைப் பார்ப்பதா, விலைப் போக்கைக் காட்டும் சார்ட்டைப் பார்ப்பதா என்ற சண்டை பொதுவாகப் பேசினால் முடியாது என்பதால், ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

சுந்தர் எடுத்தது சிகரெட் விற்கும் ஐடிசி. "2012-13 நிதியாண்டில் லாபம் சுமார் 7,400 கோடி. 2019-20இல் 15,000 கோடிக்கு மேல். ஏழு வருடத்தில் இரண்டு மடங்கு, கடனும் கிட்டத்தட்ட இல்லை. இதைவிட என்னடா வேண்டும்?"

"விலை வேண்டும்" என்றான் பாலா. "2016இல் இலவசப் பங்காகக் கொடுத்த போனஸைக் கழித்துப் பார்த்தால் 2013 நடுவில் பங்கு 220 ரூபாய் பக்கம். 2021 தொடக்கத்தில் 200 பக்கம். உன் லாபம் இரட்டிப்பானபோது என் சார்ட் படுத்துக் கிடந்தது."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. லாபம் வளர்ந்தும் விலை ஏன் வளரவில்லை என்பதற்கு விடை சுந்தரின் கணக்கிலேயே இருக்கிறது. 2013இல் பங்கு ஒன்றுக்கு லாபம், போனஸைக் கழித்தால், 6 ரூபாய் சொச்சம். அதற்கு 220 கொடுத்தால் லாபத்தைப் போல 35 மடங்கு விலை. 2020இல் லாபம் 12 ரூபாய் சொச்சம், விலை 200 என்றால் 16 மடங்கு. லாபம் இரண்டு மடங்கானது, அந்த லாபத்துக்குச் சந்தை தரத் தயாராக இருந்த விலை பாதியானது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. சிகரெட் வரி எப்போது ஏறும் என்ற பயம் அதில் பெரிய பங்கு. 2017 ஜூலையில் சிகரெட்டுக்கான செஸ் என்ற கூடுதல் வரி உயர்ந்தபோது பங்கு ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆக, 2013இல் வாங்கியவர் நல்ல கம்பெனியைத்தான் வாங்கினார், ஆனால் 35 மடங்கில் வாங்கினார். கணக்குப் பார்ப்பவர்களில் பலர் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

சுந்தர் விடவில்லை. "சரி, 2020இல்? அந்த வருடம் டிவிடெண்ட் மட்டும் 10 ரூபாய் 15 காசு. 200 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஐந்து சதவீதம், விலை அசையாவிட்டாலும் கைக்கு வந்தது. அப்போது உன் சார்ட் என்ன சொன்னது?"

"தொடாதே என்றுதான்" என்று பாலா ஒப்புக்கொண்டான். "2021 அக்டோபரில்தான் தேங்கிக் கிடந்த விலையை மேலே உடைத்துக்கொண்டு 265 வரை போனது. வாங்கச் சொன்னது. வாங்கியவர்கள் அடி வாங்கினார்கள். டிசம்பரில் மறுபடி 220 பக்கம்."

இங்கே அவன் சொன்ன கணக்கு கவனிக்கத்தக்கது. ஐந்து லட்சம் முதலீடு, ஒரு தவறான முடிவுக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரை இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 250இல் வாங்கி, விலை 235க்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் வைத்தால் பங்குக்கு 15 ரூபாய் ஆபத்து. 5,000ஐ 15ஆல் வகுத்தால் 333 பங்கு. விலை மேலே உடைத்த அந்த பிரேக்அவுட் பொய்யானது, 5,000 போனது, அத்தோடு கதை முடிந்தது. அதே 265ஐ 2022இல் பங்கு மறுபடி தாண்டியபோது திரும்ப வாங்கியவருக்கு 2023 நடுவில் விலை 450ஐக் கடந்து நின்றது. (பழைய சார்ட்டைத் திறப்பவர்கள் போனஸ், பிரிப்பு எல்லாம் சரிசெய்யப்பட்ட விலையா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025இல் ஹோட்டல் தொழில் தனிப் பங்காகப் பிரிந்த பிறகு, சில தளங்களில் ஐடிசியின் பழைய விலைகள் இங்கே சொன்னதைவிடக் குறைவாகத் தெரியும்.)

ஐடிசியில் என் ஓட்டு சுந்தருக்குத்தான். சிகரெட் விற்ற காசு கண்ணுக்குத் தெரிகிறது, டிவிடெண்டாக வங்கிக் கணக்கிலும் வந்து விழுகிறது. அந்த லாபம் உண்மையா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கம்பெனியில் மலிவாக வாங்கிவிட்டுக் காத்திருக்கலாம்.

பாலா எடுத்தது யெஸ் வங்கி, அங்கே கதையே வேறு. கடன் கொடுக்கும் தொழிலில் லாபம் என்பது பாதி மதிப்பீடு. ஒரு கடனை வாராக்கடன் என்று ஒத்துக்கொள்ளாதவரை அதன் வட்டி வருமானமாகவே எழுதப்படும்.

"2018 ஆகஸ்டில் பங்கு 400 ரூபாயைத் தொட்டது" என்று பாலா தொடங்கினான். "செப்டம்பர் 19 அன்று, தலைமை அதிகாரி ராணா கபூரின் பதவிக்காலத்தை 2019 ஜனவரியோடு ரிசர்வ் வங்கி முடித்துவிட்டது என்ற செய்தி வந்தது. அதற்கு முன்பே விலை 320க்கு இறங்கியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு போயாச்சு. நீ எந்த ஆண்டறிக்கையைப் படித்து அதைக் கண்டுபிடித்திருப்பாய்?"

சுந்தரிடம் பதில் இருந்தது. "அதற்கு முந்தின வருடமே இருந்ததுடா. 2017 மார்ச் நிலவரப்படி வாராக்கடன் சுமார் 2,000 கோடி என்று வங்கி சொன்னது. ரிசர்வ் வங்கி பார்த்துவிட்டு 8,300 கோடிக்கு மேல் என்றது. அந்த வித்தியாசம் 2017 அக்டோபரிலேயே வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறமும் பத்து மாதம் உன் சார்ட் நன்றாகத்தான் இருந்தது."

எனக்கு இந்த உரையாடலில் மிகவும் பிடித்த இடம் இது. அந்த வித்தியாசத்தை வைத்து வங்கியை நம்ப முடியாது என்று சொல்லலாம், என்றைக்கு விழும் என்று சொல்ல முடியாது. விழத் தொடங்கியதைச் சார்ட் காட்டியது, காரணம் அதற்குத் தெரியாது. குறிப்பைப் படித்து எச்சரிக்கையாக இருந்து, விலை இறங்க ஆரம்பித்ததும் வெளியேறியவர் 320க்கு மேலேயே விற்றிருப்பார்.

சார்ட்டை மட்டும் நம்பியவருக்கும் அங்கே ஒரு குழி இருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு சந்தை நடந்த முதல் நாளில் பங்கு சுமார் 29 சதவீதம் விழுந்தது. 300இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு 300தான் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சந்தை மூடியிருக்கும்போது வரும் செய்தியை ஸ்டாப் லாஸ் தடுக்காது. 333 பங்கு என்ற கணக்குக்கு மேலே ஓர் உச்சவரம்பும் வேண்டும்: ஒரே பங்கில் மொத்தப் பணத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை என்று.

அதன் பிறகு விழுந்த குழி சுந்தர் கட்சிக்காரர்களுடையது. 2019 மார்ச் கணக்குப்படி வங்கியின் புத்தக மதிப்பு, அதாவது சொத்தில் கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது, பங்குக்கு சுமார் 116 ரூபாய். அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் விலை 60 பக்கம். "பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் அந்த 116 வெறும் காகிதம். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி தடை விதித்து, வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் பங்கு ஆறு ரூபாய்க்கும் கீழே போய் வந்தது.

"அந்தச் சரிவு முழுக்க சார்ட்டில் வாங்கு என்று சொல்ல ஒன்றுமே இல்லையா?" என்று சுந்தர் கேட்டான்.

"இருந்தது. 2019 பிப்ரவரியில் ஒரே நாளில் முப்பது சதவீதம் ஏறியது. 2017-18 நிதியாண்டின் வாராக்கடன் கணக்கில் ரிசர்வ் வங்கி வித்தியாசம் எதுவும் காணவில்லை என்று வங்கி அறிவித்த நாள். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். ஏப்ரலில் நஷ்டக் கணக்கு வந்ததும் ஸ்டாப் லாஸில் வெளியே வந்திருப்பேன், கையைச் சுட்டுக்கொண்டுதான்."

"நான் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு வருடம் 6,000 கோடியை மறைத்தவர்கள் அடுத்த வருடம் சுத்தம் என்றால், இன்னும் இரண்டு வருடக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போவேன்."

"அந்த இரண்டு வருடத்தில் நல்ல வங்கியாக இருந்தால் விலை இரட்டிப்பாகியிருக்கும்."

"போகட்டும். கடன் கொடுக்கும் கம்பெனியில் அதை இழக்க நான் தயார், ஐடிசி மாதிரி இடத்தில் இல்லை."