ரவையா, கடலை மாவா: வெறும் வாணலியில் எது எப்படி வறுபடும்?

லட்டு பிடிக்கலாம் என்று ரவையை எடுத்தாலும் கடலை மாவை எடுத்தாலும், முதல் வேலை அடிகனமான வாணலியில் வறுப்பதுதான். ஆனால் ஒன்றுக்குப் போதுமான வறுவல் மற்றதற்குப் போதாது.

ரவை குருணையாக இருப்பதால் கிளறக் கிளறப் புரண்டு, சூடு எல்லாப் பக்கமும் ஏறும். 1 கப் ரவைக்கு வாணலியை மிதமாகச் சூடாக்கி, தீயைக் குறைத்து 7, 8 நிமிடம் வறுத்தால் சரியாக இருக்கும். நிறத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ரவா லட்டுக்கு வெள்ளை லேசாக மங்கினாலே போதும், பழுப்பு தெரிந்தால் தாண்டிவிட்டது. நான் பார்ப்பது கரண்டியைத்தான். ஆரம்பத்தில் மந்தமாக நகரும் ரவை, பதம் வந்ததும் கரண்டியிலிருந்து மணல் மாதிரி சரசரவென்று சரியும். வாசமும் அப்போதுதான் எழும். வறுக்க நெய்யே வேண்டாம், வெறும் வறுவலே முழு வறுவல்.

கடலை மாவு அப்படியல்ல. அது நைசான மாவு. அடியில் படியும் மெல்லிய அடுக்கு கருகும்போதும் மேலே பச்சையாகவே கிடக்கும். அதனால் தொடக்கம் முதல் சிறு தீதான், தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வருவது பச்சைப் பயறு மாதிரி ஒரு வாடை. 5, 6 நிமிடத்தில் அது அடங்கி, மாவு இலேசாகி, உதிரியாகப் பொலபொலவென்று விழும். நிறம் ஒரு சாயல்தான் கூடியிருக்கும். மைசூர் பாகுக்கு இதோடு நிறுத்திச் சலித்துக்கொள்ளலாம், பாகிலும் கொதிக்கும் நெய்யிலும் அது மறுபடி வேகும்.

லட்டுக்கு இது போதாது. ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள், மேலண்ணத்தில் ஒட்டினால் இன்னும் பச்சை. வெறும் வாணலியிலேயே முழுதும் வறுத்துவிடலாம் என்று தீயைக் கூட்டினால் பழுப்புப் புள்ளிகள் தெரியும், அப்படியே விட்டால் கசப்பு மாவு முழுக்கப் பரவும். புள்ளி தெரிந்ததுமே அடியைச் சுரண்டாமல் மேல்மாவை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே வழி. ஆகவே வெறும் வறுவலை முதல் பாதியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். சலித்த மாவில், 1 கப்புக்குக் கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக நெய் விட்டு, சிறு தீயில் இன்னும் 10 நிமிடம். முதலில் கெட்டியாக உருளும் மாவு, பிறகு இளகி நெய்யைக் கக்கும். நிறம் அரைத்த சந்தனம் மாதிரி வரும்போது அடுப்பை அணைக்க வேண்டும்.

அணைத்தால் மட்டும் போதாது. கனமான வாணலி சூட்டை விடாது, அதிலேயே விட்டால் இன்னும் ஒரு சாயல் ஏறிவிடும். ரவையோ மாவோ, உடனே அகலத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். கடலை மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே சர்க்கரைப் பொடி. சூட்டோடு சேர்த்தால் சர்க்கரை இளகி, லட்டு உருண்டை நிற்காமல் தளர்ந்துவிடும்.